சாகா பேட்டர்ன்: டிக்கெட் புக்கிங்கில் மூன்று ஆண்டு அனுபவம்

பேருந்து டிக்கெட் புக்கிங் சிஸ்டம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக சாகா பேட்டர்னைப் பயன்படுத்துகிறோம். சீட், வாலட், டிக்கெட் மூன்றும் தனித்தனி சர்வீஸ்கள், மூன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். ஒவ்வொரு படியும் தன் டேட்டாபேஸில் உடனே கமிட் ஆகிவிடும். நடுவில் ஏதாவது தவறினால், முடிந்த படிகளின் விளைவை நீக்கும் எதிர்ப்படிகளைப் பின்னிருந்து ஓட்டுவோம். 1987-இல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் நீண்ட நேரம் ஓடும் டிரான்சாக்ஷன்களுக்காக எழுதிய கட்டுரையின் யோசனைதான் இது.

முதல் ஆண்டு ஒவ்வொரு சர்வீஸும் அடுத்ததற்கு ஈவென்ட் அனுப்பும் முறையில் ஓட்டினோம். ஒரு புக்கிங் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால் மூன்று சர்வீஸின் லாக்கையும் புரட்ட வேண்டியிருந்தது. அதனால் எல்லாப் படிகளையும் ஒரே இடத்திலிருந்து நடத்தும் ஆர்கெஸ்ட்ரேட்டருக்கு மாறினோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் முழுத் திருப்தி.

ஆனால் எங்களைப் படுத்திய பிரச்சினை வேறு. ஒரு பொங்கல் முன்பதிவு நேரம், வாலட் சர்வீஸ் மெதுவாகிவிட்டது. சீட் 17-ஐப் பிடித்துவைத்துவிட்டு, 840 ரூபாய் எடுக்கச் சொல்லி ஆர்கெஸ்ட்ரேட்டர் கேட்டது. ஐந்து நொடியில் பதில் இல்லை. டைம்அவுட் என்றால் தோல்வி என்று எழுதியிருந்தோம், அதனால் உடனே ரத்துக் கோரிக்கை போனது. அது வாலட் சர்வீஸின் வேறொரு இன்ஸ்டன்ஸுக்குப் போய், “அப்படி ஒரு டெபிட்டே இல்லை, ரத்தாகிவிட்டது” என்ற பதிலோடு திரும்பியது. சீட்டும் விடுவிக்கப்பட்டு இன்னொருவருக்குப் போனது. டேட்டாபேஸ் கனெக்ஷனுக்காகக் காத்திருந்த முதல் கோரிக்கை ஒன்பதாவது நொடியில் ஓடிப் பணத்தை எடுத்துவிட்டது.

எங்கள் சாகா டேபிளில் அந்த புக்கிங்கின் வரி, எதிர்ப்படிகள் எல்லாம் முடிந்தன என்ற பொருளில் `COMPENSATED` என்று சுத்தமாக இருந்தது, எந்த அலர்ட்டும் வரவில்லை. மறுநாள் காலை வாலட் கணக்கையும் டிக்கெட் பட்டியலையும் ஒப்பிடும் வேலை ஓடியபோதுதான், டிக்கெட் இல்லாத டெபிட் ஒன்று தலைகாட்டியது. சாகா நடத்துபவர்கள் அந்த தினசரி ஒப்பீட்டை முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.

டைம்அவுட் என்பது “நடந்ததா இல்லையா தெரியாது” என்ற நிலை. அதனால் ரத்து முந்திக்கொண்டு வந்தாலும் அது தன் தடத்தை விட்டுச்செல்ல வேண்டும். வாலட்டின் டேட்டாபேஸிலேயே இப்படி ஒரு டேபிள் வைத்தோம்:

```sql
CREATE TABLE saga_step (
  saga_id text,
  step    text,
  status  text NOT NULL,
  PRIMARY KEY (saga_id, step)
);

-- டெபிட் வரும்போது
INSERT INTO saga_step
VALUES ($1, 'debit', 'DONE')
ON CONFLICT DO NOTHING;
```

வரி ஏறினால் மட்டும் அதே டிரான்சாக்ஷனில் பணத்தை எடுக்கிறோம். ரத்தும் இதே சாவியில் `CANCELLED` என்று எழுத முயலும். ஏறிவிட்டால் பணம் எடுக்கப்படவில்லை என்று பொருள், பின்னால் வரும் டெபிட்டும் இந்த வரியில் முட்டி நின்றுவிடும். ஏறாமல், ஏற்கெனவே `DONE` இருந்தால் அதை `CANCELLED` ஆக்கி, அதே டிரான்சாக்ஷனில் பணத்தைத் திருப்புகிறோம். இரண்டும் ஒரே நொடியில் மோதினாலும், போஸ்ட்கிரெஸ் இரண்டாவதை முதலாவது முடியும்வரை காக்க வைக்கும். ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் இதே டேபிள் தடுத்துவிடுகிறது.

அப்புறம் படிகளின் வரிசை. ஆரம்பத்தில் பேருந்து நிறுவனத்திடம் டிக்கெட்டை உறுதிசெய்த பிறகுதான் பணம் எடுத்தோம். வாலட்டில் பணம் போதாதபோதெல்லாம் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. டேட்டாபேஸ் ரோல்பேக் போல நடந்ததே தெரியாமல் துடைக்க சாகாவால் முடியாது. இப்போது சீட்டைப் பிடித்துவைப்பது, பணம் எடுப்பது, நிறுவனத்திடம் உறுதிசெய்வது, எஸ்எம்எஸ் அனுப்புவது என்பதே வரிசை. உறுதிசெய்யும் படியைத் தாண்டிவிட்டால் பின்வாங்குவதில்லை, எஸ்எம்எஸ் போய்ச் சேரும்வரை திரும்பத் திரும்ப முயல்வோம். உறுதிசெய்யும் படியிலேயே டைம்அவுட் வந்தால் நிறுவனத்திடம் நிலையைக் கேட்டுத் தெளிவான பதில் வாங்கும்வரை எதையும் ரத்து செய்வதில்லை.

இன்னும் தீராத ஒன்று உண்டு. வாலட் மூடப்பட்டிருந்தால் பணத்தைத் திருப்பும் எதிர்ப்படியே தோற்றுவிடும். எத்தனை முறை முயன்றாலும் பலனில்லை. பத்து முயற்சிக்குப் பிறகு அந்த சாகாவை `STUCK` என்று குறித்து, கணக்குப் பிரிவில் இருப்பவர்களின் திரைக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்கள் வாடிக்கையாளரை அழைத்து, வங்கிக் கணக்கு எண் வாங்கிப் பணத்தைப் போடுகிறார்கள்.