ப்ளீச் போட்ட முடிக்கு எது: ஓலாப்ளெக்ஸ், கே18, சிட்ரிக் அமிலம்?

மூன்றுமே ப்ளீச்சால் கெட்ட முடியைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கும் பொருள்கள். நான் வாங்கியது சிட்ரிக் அமில வகை, இப்போதும் அதில்தான் இருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியின் கீழ்ப்பாதியை வெளிர் பழுப்புக்கு ஏற்றிய பிறகு, நனைந்திருக்கும்போது நுனி ரப்பர் மாதிரி இழுபட ஆரம்பித்தது. பார்லர்களில் ஓலாப்ளெக்ஸ் போடு என்றார்கள், வி.ஐ.டி.யில் படிக்கும் தங்கை கே18 தவிர எதுவும் வேண்டாம் என்றாள். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதோ போர்த் தண்ணீர். கடைசியில் முடிவைத் தீர்மானித்தது அந்தத் தண்ணீர்தான்.

முதலில் முடிக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோலிலிருந்து மயிரை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் போடுவார்கள், மயிர் கூழாகிப் போய்விடும். அங்கே அறுபடுவது முடியின் புரதமான கெரட்டினின் இழைகளைக் குறுக்கே பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்பு, அதாவது பாண்ட். ப்ளீச்சும் நிறத்தை எடுக்கும் வேகத்தில் அதே பிணைப்பில் ஒரு பங்கை உடைக்கிறது. வித்தியாசம், ப்ளீச் அதை ஆக்சிஜனேற்றி சிஸ்டெயிக் அமிலம் என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. அப்படி மாறியது திரும்பப் பழைய பிணைப்பாகாது. எந்தக் குப்பியாலும் ஆகாது. ஆகவே "உடைந்த பாண்டை மறுபடி ஒட்டவைக்கும்" என்ற விளம்பர வாசகத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் படிக்க வேண்டும்.

ஓலாப்ளெக்ஸின் மூலப்பொருள் மேலியேட் வகை வேதிப்பொருள் ஒன்று. முழுதும் கெடாமல் தனித்து நிற்கும் கந்தக முனைகளைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு பாலம் போடும் என்பது நிறுவனத்தின் விளக்கம். 2014-இல் வந்த சரக்கு, பார்லர்களில் நிலைத்த பெயர். இதன் உண்மையான பலம், ப்ளீச் கலவையிலேயே கலக்கும் நம்பர் 1-இல்தான் என்பது என் கருத்து, ஏனென்றால் சேதம் நடக்கும் நேரத்திலேயே அது உள்ளே இருக்கிறது. வீட்டுக்கு வாங்கும் நம்பர் 3 அதற்கு அப்புறம் வருகிற உதவி: ஈர முடியில் தடவி குறைந்தது பத்து நிமிடம் வைத்து, அலசி, பிறகு ஷாம்பு, கண்டிஷனர். ப்ளீச் போடப் போகிறீர்கள், இன்னும் போடவில்லை என்றால், என் சிட்ரிக் அமிலத்தை மறந்துவிட்டு நம்பர் 1 சேர்க்கச் சொல்லுங்கள்.

கே18 வேறு வழி. பெப்டைடு என்ற சின்னப் புரதத் துண்டு ஒன்று கெரட்டின் சங்கிலிக்குள் போய் உட்காரும் என்பது அவர்கள் சொல்வது. ஷாம்பு போட்டு, கண்டிஷனர் போடாமல், துண்டால் ஈரத்தை எடுத்து, தடவி, நான்கு நிமிடம் விட்டு, அலசாமல் அப்படியே விடவேண்டும். தங்கையின் முடியில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் ஹாஸ்டல் தண்ணீர் வேறு, அவள் முடியும் என்னுடையதைவிட மெல்லியது. நான் தொடர்ந்து போட்டுப் பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். சிறிய அளவிலும் வருகிறது, ஆசையிருந்தால் அதில் தொடங்குங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். ப்ளீச்சுக்குப் பிறகு முடியில் மிஞ்சும் சிஸ்டெயிக் அமிலத்துக்கு எதிர்மின் சுமை உண்டு. கடின நீரில் இருக்கும் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் நேர்மின் சுமை. சொல்ல வேண்டியதில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ப்ளீச் போடாத முடியைவிட ப்ளீச் போட்ட முடி இவற்றை அதிகம் இழுத்துக்கொள்ளும். ஹீட்டர் ராடில் வெள்ளைப் படலம் ஏறுகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது என்றால், அதே உப்பு ஒவ்வொரு அலசலிலும் முடிக்குள்ளும் ஏறிக்கொண்டிருக்கிறது. முடி சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து, சீப்பு இழுக்கிற இடத்தில் உடைகிறது. அதைப் பார்த்து "பாண்ட் போய்விட்டது" என்று இன்னொரு குப்பி வாங்குவோம், பாதிக் காரணம் உப்புதான்.

சிட்ரிக் அமில வகைகள் (ரெட்கனின் அசிடிக் பாண்டிங், லோரியலின் பாண்ட் ரிப்பேர் மாதிரி) இங்கேதான் எனக்கு ஜெயித்தன. சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வெளியே கொண்டுவரும், முடியை அதற்கு இயல்பான அமிலத் தன்மைக்கு இறக்கும், அப்போது மேல்செதிலும் படியும். கந்தகப் பிணைப்பை இது தொடுவதே இல்லை, பலவீனமான மற்றப் பிணைப்புகளைத்தான் வலுவாக்குகிறது. பெயரில் பாண்ட் என்று இருந்தாலும் வேலை பெரும்பாலும் சுத்தம் செய்வதுதான். எங்கள் தண்ணீருக்கு அந்தச் சுத்தம்தான் வேண்டியிருந்தது. வாரம் ஒருமுறை ஷாம்புவுக்கு முன் ஈர முடியில் தடவி, பாக்கெட்டில் சொன்ன நேரம் விட்டு அலசுகிறேன். கடைசி ஒரு மக் மட்டும் காவிரித் தண்ணீர் வந்தால் அது, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். விலையும் மற்ற இரண்டைவிடக் கைக்கு அடக்கம், தீர்ந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதாதா என்று அம்மா கேட்டார்கள். சாற்றின் அமிலம் மிக அதிகம், அளவும் பழத்துக்குப் பழம் மாறும், ப்ளீச்சால் புண்ணான தலையில் எரியும். அப்புறம் அதில் கண்டிஷனர் கிடையாது. குப்பியில் நாம் உணரும் வழவழப்பில் பெரும்பங்கு அந்தக் கண்டிஷனர்தான், அமிலம் அல்ல. இது மூன்று வகைக்கும் பொருந்தும் எச்சரிக்கை: மிருதுவாக இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

சோதிக்க ஒரு எளிய வழி. கண்டிஷனர் போடாத நாளில், உதிர்ந்த ஈர முடி ஒன்றின் கீழ்ப்பகுதியை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல முடி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீண்டு, விட்டால் சுருங்கும். நீண்டு நீண்டு திரும்பாமல் அறுந்தால் உள் அமைப்பு போய்விட்டது, அங்கே ஓலாப்ளெக்ஸ் அல்லது கே18 முயற்சி செய்வதில் நியாயம் உண்டு. சரியாக நீண்டு சுருங்குகிறது, ஆனால் தொட்டால் சொரசொரப்பு என்றால் உப்பைச் சந்தேகியுங்கள். வேர்ப்பக்க முடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அது ப்ளீச் தொடாத புது முடி.

ஸ்ட்ரெயிட்னர் சேதம் தனிக் கதை. ஈரம் முழுதும் காயாத முடியில் சூடான தகட்டை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழி விட்டு, நடுவே துளைகள் உண்டாகும். மிக அதிகச் சூட்டில் புரதமே உருக்குலையும். துளையை நிரப்பும் பாண்ட் பொருள் எதுவும் இல்லை, பிளந்த நுனியை ஒட்டவைக்கும் பொருளும் இல்லை. சூட்டால் கெட்ட முடியில் என் அனுபவம் குறைவு, என் அக்காவின் முடியில் பார்த்த அளவுதான். அவளுக்கு மூன்றிலும் எதுவும் பெரிதாக உதவவில்லை, நுனியை வெட்டிவிட்டு மிஷினின் சூட்டை 180 டிகிரிக்குக் கீழே வைத்த பிறகுதான் உடைவது குறைந்தது.