பழைய ஐபோன் 13: மூணு பேர் மூணு விலை சொல்றாங்க, எது நியாயம்?

ஒரே மாடல், ஐபோன் 13, 128 ஜிபி. சென்னையில் கைமாற்று வாங்கப் போனால் மூன்று மாதிரி போன் கையில் வந்து நிற்கும். முதலாவது 25,500: பேட்டரி 79%, ஒருமுறைகூடத் திறக்காத போன், பில்லும் பெட்டியும் உண்டு. இரண்டாவது 24,000: பேட்டரி 100%, டிஸ்ப்ளே மாற்றியது, சார்ஜர், கவர், கண்ணாடி எல்லாம் சேர்த்து. மூன்றாவது 19,000: அமெரிக்காவிலிருந்து வந்தது, பேட்டரி 88%, "சிம் போட்டா வேலை செய்யும் சார்" என்பார்கள். பேட்டரி நன்றாகவும் கைபடாமலும் இருக்கும் இதே போன் 28,000க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கழிக்கும் முறை ஒன்றுதான்.

79% என்றதும் பலர் பயந்து முதல் போனை ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு மூன்றில் இதுதான் பிடிக்கும். ஐபோன் 14 வரைக்குமான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு 80% கொள்ளளவு மிஞ்சும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது, ஆகவே மூன்று வருஷம் ஓடிய போனில் 79% என்பது கோளாறு இல்லை, வயசு. கம்பெனி சர்வீஸில் பேட்டரி மாற்ற எட்டாயிரம் ஆகும் என்று வைத்தால், எட்டாயிரத்தையும் விலையில் கழிக்கக் கேட்பது நியாயமில்லை, ஏனென்றால் மாற்றிய பிறகு உங்களிடம் இருப்பது 100% பேட்டரி, நாம் அடிப்படையாக வைத்த 28,000 ரூபாய் போனிலோ 87, 88தான் இருக்கும். ஐந்து, ஐந்தரை ஆயிரம் கழித்தால் போதும். 22,500இல் ஆரம்பித்து 23,000க்கு முடிந்தால் நல்ல வியாபாரம்.

இரண்டாவது போனில்தான் விஷயமே இருக்கிறது. Settings > General > About போய்ப் பாருங்கள். ஐபோன் 13இல் பாகம் ஏதாவது மாற்றியிருந்தால் அங்கே Parts and Service History என்று ஒரு பகுதி வரும், மாற்றாத போனில் அந்தப் பகுதியே இருக்காது. இந்தப் போனில் Display எதிரே Unknown Part என்று நிற்கிறது, ஆனால் Battery பற்றி ஒரு வரிகூட இல்லை. கம்பெனியில் மாற்றிய பேட்டரி என்றால் Genuine Apple Part என்று வந்திருக்க வேண்டும். மாற்றவே இல்லை என்றால் மூன்று வருஷத்துக்குப் பிறகு 100% எப்படி? பழைய பேட்டரியின் சிறிய சர்க்யூட் போர்டை எடுத்துப் புது செல்லில் ஒட்டி, ஒரு கருவியில் சதவீதத்தை ஏற்றிவிடுகிறார்கள், போனும் அது பழைய ஒரிஜினல்தான் என்று நம்பிவிடுகிறது. அதனால் அந்த 100ஐ நான் ஒரு எண்ணாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிஸ்ப்ளேவுக்கு வருவோம். முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை முழுசா ஏற்றி, இருட்டில் பாருங்கள். திரை சாம்பலாக மினுங்கினால் மலிவான எல்சிடி போட்டிருக்கிறார்கள், ஓஎல்இடி என்றால் கும்மிருட்டாக இருக்கும். வெளிச்ச ஸ்லைடரை அழுத்திப் பிடித்தால் True Tone பொத்தான் வராமல் இருப்பதும் ஓர் அடையாளம். இங்கே மாற்றுச் செலவை வைத்துக் கழிக்க முடியாது, கம்பெனி டிஸ்ப்ளேவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இன்னொரு பழைய போனே வாங்கப் பார்க்கலாம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அடுத்தவர் எவ்வளவு குறைப்பாரோ அதைத்தான் இன்றைக்கே கழிக்க வேண்டும், திறந்து மூடிய போனில் தண்ணீர்த் தடுப்பையும் நம்ப முடியாது. ஓஎல்இடி என்றால் 18,000 வரை போகலாம், எல்சிடி என்றால் நான் வாங்க மாட்டேன்.

கூடவே தரும் சாமான்களைக் காட்டி விலை ஏற்றுவார்கள். ஐபோன் 12 முதல் பெட்டியில் சார்ஜரே வருவதில்லை, கேபிள் மட்டும்தான், ஆகவே அவர் தருவது எங்கேயோ வாங்கியது. ஒரிஜினல் 20 வாட் சார்ஜராக இருந்தால் ஐந்நூறு கூட்டலாம். கவருக்கும் கண்ணாடிக்கும் ஒன்றுமில்லை. பெட்டிக்கு மதிப்பு வருவது, *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் அதே எண்ணாக இருக்கும்போதுதான்.

மூன்றாவது போனில் அதே About பக்கத்தில் மாடல் எண்ணின் கடைசியில் LL/A என்று இருக்கும் (இந்தியப் போன் என்றால் HN/A), வலது விளிம்பில் பவர் பட்டனுக்குக் கீழே நீள்வட்டமாக ஒரு பட்டை தெரியும், இந்தியப் போனில் அது கிடையாது. அமெரிக்கப் போன் என்பது குறையே இல்லை. Carrier Lock எதிரே No SIM restrictions என்று இருந்தால் இந்தியப் போனைவிட இரண்டாயிரம் குறைத்து நிம்மதியாக வாங்கலாம். SIM locked என்று இருந்தால் சிம் ட்ரேயை இழுத்துப் பாருங்கள், உங்கள் சிம்முக்கு அடியில் காகிதம் மாதிரி மெல்லிய சிப் ஒன்று ஒட்டியிருக்கும். பூட்டை ஏமாற்றுவது அதுதான், ஒரு ஐஓஎஸ் அப்டேட்டில் சிக்னல் போய்விடலாம். முறையாகப் பூட்டைத் திறக்க அந்த நாட்டு நெட்வொர்க் நிறுவனத்தால் மட்டுமே முடியும், தவணை பாக்கி இருந்தால் பொதுவாகத் திறக்க மாட்டார்கள். வைஃபையில் ஓடும் கேமரா என்று நினைத்துப் பத்தாயிரம் கொடுக்கலாம், 19,000க்கு வாய்ப்பே இல்லை.

எந்தப் போனாக இருந்தாலும் பணத்தை எடுப்பதற்கு முன் KYM என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட எண் என்று பதில் வந்தால் பேரத்துக்கே இடமில்லை. சரியாக இருந்தால், விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்ணெதிரே வெளியேறி போனை அழித்துத் தரட்டும், அப்புறம் ஜிபேவைத் திறங்கள்.