டிவிக்கும் டிஎஸ்எல்லுக்கும் ஒரே ரீட்-சாலமன். தாமதம் மட்டும் வேறு

வழியில் கெட்டுப்போன எண்களை, வாங்கும் முனையிலேயே திருத்திக்கொள்ளும் முறைதான் ரீட்-சாலமன். முதலில் அதை விளக்க ஒரு குட்டிக் கணக்கு. அனுப்ப வேண்டியவை 3, 2 என்ற இரண்டு எண்கள். 3 + 2x என்ற கோட்டில் x-க்கு 0 முதல் 5 வரை போட்டு, 7-ஆல் வகுத்த மீதியை மட்டும் எடுத்தால் 3 5 0 2 4 6 கிடைக்கும். இந்த ஆறையும் அனுப்புகிறோம். வழியில் ஒரு இடி விழுந்து 3 5 1 1 4 6 என்று வந்து சேர்கிறது. நான்கு புள்ளிகள் இன்னும் பழைய கோட்டிலேயே இருக்கின்றன. வேறு எந்தக் கோடும் அந்த நான்கில் ஒன்றைத்தான் தொட முடியும். கெட்ட இரண்டையும் சேர்த்தாலும் மூன்றுதான். ஆக, பழைய கோடே ஜெயிக்கிறது, பிழை திருத்தப்படுகிறது.

தொடர்ந்து நான்கு எண்கள் கெட்டால்? இதே முறையில் ஆக்கிய இரண்டு தொகுதிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து அனுப்பினால், அடி ஆளுக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தக் கலக்கும் வேலைதான் இன்டர்லீவர்.

டிவிபி-டி என்ற தரைவழி டிவி ஒளிபரப்பில் 188 பைட் பாக்கெட்டோடு 16 பைட் சேர்த்து RS(204,188) என்ற ரீட்-சாலமன் தொகுதி ஆக்குகிறார்கள். தொகுதிக்கு 8 பைட் வரை திருத்தலாம். எத்தனை தொகுதிகளைக் கலக்கிறோம் என்பதே இன்டர்லீவரின் ஆழம், இங்கே 12. அதாவது, தொடர்ச்சியாக 96 பைட் போனாலும் தாங்கும். இதற்கு விலை 2244 பைட் தாமதம். 24 மெகாபிட் வேகத்தில் அது முக்கால் மில்லிசெகண்ட், யாருக்கும் தெரியாது. இதே இன்டர்லீவரை 1 மெகாபிட் இணைப்பில் வைத்தால் 18 மில்லிசெகண்ட்! தாமதம் பைட்டில் எண்ணப்படுகிறது, நாம் அனுபவிப்பதோ நேரத்தில்.

அதனால்தான் டிவியில் ஆழம் நிலையானது, தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணையத்தின் ஒரு வகையான ஏடிஎஸ்எல்லில் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் மோட்டார் ஓடும்போது கம்பியில் வரும் இரைச்சல், ஒரே தவணையில் அனுப்பும் ஒரு முழு டிஎஸ்எல் சிம்பலை, அதாவது 250 மைக்ரோசெகண்டை, அப்படியே விழுங்கலாம். 8 மெகாபிட் வேகத்தில் அது 250 பைட். 255 பைட் தொகுதியில் 8 திருத்த முடியும் என்றால் ஆழம் 32 வேண்டும். தாமதம் ஒரு திசைக்குச் சுமார் 8 மில்லிசெகண்ட். ஆன்லைன் கேம் ஆடுபவர்கள் இன்டர்லீவர் இல்லாத 'ஃபாஸ்ட்' வழியைக் கேட்பது இதற்காகத்தான். ஆனால் அங்கே அதே அடி விழுந்தால் ரீட்-சாலமன் கையை விரித்துவிடும்.

எதை எடுப்பது? பிரவுசரில் மோடத்தின் நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். `FEC` எண் மட்டும் ஏறினால் திருத்தம் நடக்கிறது, கவலை இல்லை. `CRC` ஏறினால் அடி திருத்தும் வரம்பைத் தாண்டிவிட்டது. ஃபாஸ்டில் இருந்தால் இன்டர்லீவருக்கு மாறுங்கள். `CRC` அசையாத சுத்தமான கம்பி என்றால் நான் ஃபாஸ்டில்தான் விடுவேன். மோடமும் எதிர்முனையும் ஜி.ஐஎன்பி-யை ஆதரித்தால் இந்த இழுபறியே வேண்டாம்: கெட்ட துண்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும், மற்ற நேரத்தில் தாமதம் குறைவு.

டிவிக்கு அந்த வழி கிடையாது. ஆன்டெனாவால் திருப்பிக் கேட்க முடியாதே. திருத்த முடியாத பாக்கெட்டில் டிகோடர் ஒரு பிழைக் கொடியை ஏற்றி அனுப்பிவிடும். அப்புறம் திரையில் நாம் பார்ப்பது சதுரம் சதுரமாக உடைந்த முகம்.