ஒரே கீபோர்டு, மூன்று விவரக்குறிப்புகள்: அலுவலகத்துக்கு எது தேறும்?

அலுவலகத்துக்குக் கீபோர்டு வாங்குபவர் பெரும்பாலும் அதில் தட்டப்போகிறவர் அல்ல. ஆர்டர் போடுவது ஐடி பிரிவு அல்லது நிர்வாகப் பிரிவு. தட்டுவது கணக்குப் பிரிவு. சத்தத்தைக் கேட்பது பக்கத்து மேசைக்காரர். விவரக்குறிப்பு இந்த மூவருக்கும் பதில் சொல்லவில்லை என்றால் பொருள் திரும்பி வரும். ஒரே கீபோர்டை மூன்று விதமாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அ: "பிரீமியம் வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு, அதிவேகம், மிக அமைதி, அலுவலகம் மற்றும் கேமிங்குக்கு ஏற்றது."

ஆ: "87 கீ, ஆன்சி, பிரவுன் ஸ்விட்ச், 2.0/4.0 மி.மீ., 2.4 கிகாஹெர்ட்ஸ், 45 டெசிபல்."

இ: "வயர்லெஸ் கீபோர்டு, யூஎஸ்பி-ஏ டாங்கிள், புளூடூத் இல்லை, நம்பர் பேட் இல்லாத 87 கீ, அமெரிக்க ஆங்கில அமைப்பு, அழுத்தும்போது லேசான தடை, கிளிக் ஒலி கிடையாது."

அ-வில் சரிபார்க்கக்கூடிய சொற்கள் இரண்டுதான்: வயர்லெஸ், மெக்கானிக்கல். அதிலும் 'வயர்லெஸ்' அரைகுறை. யூஎஸ்பி போர்ட்டில் சொருகும் சிறு டாங்கிளா, புளூடூத்தா? அலுவலகத்தில் இரண்டும் ஒன்றல்ல. பாதுகாப்பு விதிப்படி புளூடூத்தை அணைத்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்திருக்கும் கணினி, இயங்குதளம் ஏறும் முன்பே கடவுச்சொல் கேட்கும். அந்தத் திரையில் புளூடூத் கீபோர்டு பொதுவாக வேலை செய்யாது. டாங்கிளோ கணினிக்குச் சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகவே தெரிவதால் அங்கேயும் தட்டலாம். ஆ-வின் '2.4 கிகாஹெர்ட்ஸ்' இங்கே உதவுவது போலத் தோன்றும். ஆனால் புளூடூத் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான். விற்பவர்களுக்குள் அந்த எண் 'டாங்கிள்' என்று பொருள்படும், வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும் என்பதில்லை. இ-யைப் போல 'டாங்கிள்' என்றே எழுதுங்கள். கூடவே அது யூஎஸ்பி-ஏ வகையா, சி வகையா என்பதும் வேண்டும். சி போர்ட் மட்டுமே உள்ள மடிக்கணினிகள் நிறைந்த அலுவலகத்தில் இருபது டாங்கிள்களும் சொருக இடமில்லாமல் நிற்கும்.

இ-யும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. பெட்டியில் வரும் கேபிள் சார்ஜுக்கு மட்டுமா, அதைச் சொருகினால் வயர் கீபோர்டாகவும் இயங்குமா? சில மாடல்களில் அது மின்சாரத்தை மட்டுமே கொண்டுபோகும். 'கேபிள் உண்டு' என்று மட்டும் எழுதினால் வாங்குபவர் தனக்குச் சாதகமான பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்.

டாங்கிளில் வரும் பெரும்பாலான புகார் எழுத்து விடுபடுவது அல்லது ஒரே எழுத்து பலமுறை விழுவது. பல நேரம் கீபோர்டில் பழுதிருக்காது. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் சொருகிய வெளி வட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும், பக்கத்திலேயே இருக்கும் டாங்கிளுக்குச் சிக்னல் அதில் அமுங்கிப்போகும். ஒரு நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்ததும் புகார் நின்றால் காரணம் இதுதான். அந்த வயர் பெட்டியில் இருந்தால் விவரக்குறிப்பில் அதற்கு ஒரு வரி கொடுக்கலாம்.

கீ அமைப்பில் ஆ துல்லியமானது, ஆனால் 'ஆன்சி' என்ற சொல் பாதிப் பேருக்குப் புரியாது. அது கீகளின் வடிவத்தைச் சொல்கிறது: என்டர் கீ ஒரே வரிசையில் படுத்திருக்கும், இடது ஷிஃப்ட் நீளமாக இருக்கும். ஐஎஸ்ஓ வடிவில் என்டர் இரண்டு வரிசை உயரத்துக்கு நிற்கும், இடது ஷிஃப்ட் குட்டையாகி அதன் பக்கத்தில் கூடுதலாக ஒரு கீ வரும். கீ மேல் அச்சிட்டிருப்பது வேறு விஷயம். அமெரிக்க அமைப்பில் @ குறி 2-ன் மேல் இருக்கும், பிரிட்டிஷ் அமைப்பில் அந்த இடத்தில் இரட்டை மேற்கோள் இருக்கும். அச்சும் கணினியின் அமைப்பும் பொருந்தாவிட்டால் மின்னஞ்சல் முகவரி தட்டும்போதே தெரிந்துவிடும். அதனால் என்டரின் வடிவம், மொழி அச்சு இரண்டையும் எழுதி, என்டர் பகுதியை மேலிருந்து எடுத்த படம் ஒன்றும் போடுங்கள். 'நம்பர் பேட் இல்லை' என்பது தலைப்பிலேயே வர வேண்டும். '87 கீ' என்பதைப் பார்த்து அதை ஊகித்துக்கொள்ளும் கணக்கர் அரிது.

ஒவ்வொரு கீயின் அடியிலும் இருக்கும் ஸ்விட்ச் விஷயத்தில் நிறத்தை நம்பி எழுதுவதுதான் பழைய தவறு. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் பிரவுன் ஸ்விட்ச் 2.0 மி.மீ. ஆழத்தில் எழுத்தைப் பதிக்கும், முழு ஆழம் 4.0 மி.மீ. ஆனால் 'பிரவுன்' என்ற பெயருக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. வேறு தயாரிப்பாளரின் பிரவுனில் விசையும் தடையும் வேறாக இருக்கலாம். எனவே முதலில் உணர்வைச் சொல்லி, அடுத்து தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் கொடுப்பது நல்லது: 'எழுத்து பதியும் இடத்துக்கு அருகே விரலில் சிறு தடை தெரியும்.' மடிக்கணினியின் தட்டைக் கீகளில் பழகியவருக்கு இந்த ஆழம் முதல் நாட்களில் அதிகமாகவே படும். அதையும் எழுதிவிடுங்கள், விற்பனை கெடாது.

சத்தம்தான் மூன்றும் சறுக்கும் இடம். அ-வின் 'மிக அமைதி' அப்பட்டமான பொய். ஆ-வின் '45 டெசிபல்' அறிவியல் போலத் தெரிந்தாலும், எவ்வளவு தூரத்தில், எப்படித் தட்டி அளந்தது என்று சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மைக்கைத் தள்ளி வைத்தாலே கீபோர்டு 'அமைதி' ஆகிவிடும் என்று அர்த்தம். கணினிச் சாதனங்களின் இரைச்சலை அளக்க ஐஎஸ்ஓ 7779 என்ற முறை இருக்கிறது. அதன்படி அளந்திருந்தால் அந்தப் பெயரோடு எண்ணைப் போடுங்கள். இல்லையென்றால் எண்ணே வேண்டாம்.

இ-யின் 'கிளிக் ஒலி கிடையாது' உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. கிளிக் என்பது புளூ போன்ற ஸ்விட்சுகளுக்குள் வேண்டுமென்றே எழுப்பும் ஒலி. அது இல்லாவிட்டாலும் கீ அடியில் மோதும் ஒலியும், விரலை எடுத்ததும் மேலே வந்து மோதும் ஒலியும் இருக்கத்தான் செய்யும். ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ் போன்ற நீளக் கீகளுக்கு அடியில் தாங்கு கம்பி உண்டு. அது சரியாகப் பொருந்தாமலோ கிரீஸ் இல்லாமலோ இருந்தால் கடகடக்கும். பக்கத்து மேசைக்காரரின் காதில் முதலில் விழுவது இந்தச் சத்தம். ஆகவே இந்த வரியை இப்படித் திருத்தலாம்: 'கிளிக் ஒலி இல்லை. ஆனால் மெம்பிரேன் கீபோர்டைவிடச் சத்தம் அதிகம், ஸ்பேஸ் கீயில் தெளிவாகக் கேட்கும். திறந்த அறையில் நெருக்கமாக அமர்ந்திருப்பவர்களுக்கு ஏற்றதல்ல.' கடைசி வாக்கியத்தால் சில ஆர்டர் போகும். போகிறவை எப்படியும் திரும்பி வந்திருக்கக்கூடியவை.

அப்படியானால் ஆ-வைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். மொத்தமாக வாங்குபவர் நாலு விலைப்புள்ளிகளை வரிசையாக வைத்து ஒப்பிடும்போது அவருக்கு எண்களும் மாடல் எண்ணும்தான் தேவை. தலைப்பிலும் முதல் பத்தியிலும் இ, கீழே அட்டவணையாக டெசிபல் நீங்கிய ஆ என்று அடுக்கினால் இருவருக்கும் பயன்படும். அ-விலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மவுசுக்கும் இதே வரிசைதான். கீ அமைப்பின் இடத்தில் இடக்கைக்கும் பொருந்துமா, எத்தனை பட்டன் என்பதை எழுத வேண்டும். சத்தத்தில் மட்டும் ஒரு கண் வையுங்கள்: 'சைலன்ட் மவுஸ்' என்று வருபவற்றில் பலவற்றில் இடது, வலது பட்டன்கள்தான் அடங்கியிருக்கும். உருளை படிப்படியாக நின்று சுழலும் ஒலியும் அதை அழுத்தும் ஒலியும் பழையபடியே இருக்கலாம். 'இடது, வலது கிளிக் அமைதி. உருளையில் ஒலி உண்டு' என்று பிரித்து எழுதுங்கள்.