இடைவெளி முறையா, கழித்தல் முறையா?

ஒரு பயிற்சித் தாளில் 5 மாணவர்கள், 3 மாணவிகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எந்த இரு மாணவிகளும் அடுத்தடுத்து வராமல் எத்தனை வரிசைகள், மூவரும் ஒன்றாக வராமல் எத்தனை வரிசைகள் என்ற இரண்டு கேள்விகள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் விடைகள் வேறு.

எப்போது
இடைவெளி: எந்த இரு மாணவிகளும் அடுத்தடுத்து நிற்கக்கூடாது என்றால்.
கழித்தல்: மூவரும் ஒன்றாக நிற்கக்கூடாது என்றால். இருவர் சேர்ந்து நிற்கலாம்.

கணக்கு
இடைவெளி: மாணவர்களை முதலில் நிறுத்தினால் 5! = 120. இரு ஓரங்களையும் சேர்த்து 6 இடைவெளிகள். ஓர் இடைவெளிக்கு ஒருவர்தான் என்பதால் மாணவிகள் சேரவே முடியாது: 6 × 5 × 4 = 120. மொத்தம் 14,400.
கழித்தல்: மொத்தம் 8! = 40,320. மூவரையும் ஒரே கட்டாகக் கட்டினால் 6! × 3! = 4,320. மீதி 36,000.

முதல் கேள்விக்கு 36,000 என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. கூடுதலாக வரும் 21,600 வரிசைகளில் சரியாக இரு மாணவிகள் ஒட்டி நிற்கிறார்கள்.

தேர்வு செய்யும்போது
இதே 8 பேரிலிருந்து 4 பேர் குழுவைத் தேர்வு செய்தால் அதில் வரிசையே இல்லை, அதனால் இடைவெளிக்கு வேலை இல்லை. ‘குறைந்தது ஒரு மாணவி’ என்றால் கழித்தல்தான் சுலபம்: 8C4 − 5C4 = 70 − 5 = 65.

‘எந்த இருவரும்’ என்றிருந்தால் இடைவெளி. ‘அனைவரும் ஒன்றாக அல்ல’, ‘குறைந்தது ஒன்று’ என்றால் கழித்தல்.