தமிழ் எழுத்தா, தங்கிலீஷா, ஆங்கிலமா: 6 வருடம் மெசேஜ் அனுப்பிப் பார்த்ததில்

குடியாத்தத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். சுகர், கொழுப்பு டெஸ்ட்டுக்கு வருகிறவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மெசேஜ் போகும். ராத்திரி 9 மணிக்கு மேல் சாப்பிடாதீர்கள், தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டு வரியை எந்த எழுத்தில் அனுப்புவது என்பதை முடிவு செய்யத்தான் எனக்கு இத்தனை வருடம் ஆனது.

முதல் மூன்று வருடம் எல்லோருக்கும் தங்கிலீஷ்தான். எனக்கு 44 வயது. நான் முதலில் வாங்கிய பட்டன் போனில் தமிழே கிடையாது, அதனால் கை அதற்கே பழகிவிட்டது. என் வயதுக்காரர்கள் யாரும் குறை சொல்லவும் இல்லை. நான் அனுப்பிக்கொண்டிருந்தது இதுதான்:

```
nalaiku kalaila sapdama vanga. thanni kudikalam
```

ஒரு அக்னி நட்சத்திர சமயம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், அறுபது தாண்டியவர். கையில் பட்டை கட்டி முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தால் நரம்பே தட்டுப்படவில்லை. இரண்டு கையிலும் பார்த்தாயிற்று. உதடு காய்ந்திருந்தது. "தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்றால், "நீதானேப்பா குடிக்கக் கூடாதுன்னு அனுப்பியிருந்த, பேரன் படிச்சுச் சொன்னானே" என்கிறார். முந்தின ராத்திரி 8 மணியிலிருந்து ஒரு மடக்கு தண்ணீர்கூட இல்லை, அந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறார். உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு ஒடுங்கிப்போகும், ஊசி போடக் கிடைக்காது. இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைத்த பிறகுதான் ரத்தம் எடுக்க முடிந்தது.

அந்தப் பையனைக் கேட்டேன். எட்டாவது படிக்கிறான், இங்கிலீஷ் மீடியம். அவன் கண்ணில் kudikalam என்பது kudikama என்று பட்டிருக்கிறது. முன்னால் sapdama என்று இருக்கிறதே, அதே ஓட்டத்தில் குடிக்காம என்று வாசித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கிலீஷில் குறில் நெடில் தெரியாது, ஒற்று தெரியாது, ல ள ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே l தான். vali என்று எழுதினால் வலியா, வழியா, வாளியா என்பதை முன்னும் பின்னும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அரட்டையில் இந்த ஊகம் தப்பினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 'செய்யலாம்', 'செய்யாமல்' என்று நேர் எதிரான இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வருகிற குறிப்பில் ஊகத்துக்கு இடம் வைக்கவே கூடாது.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் தமிழ் எழுத்து என்று மாற்றினேன். பெரியவர்களிடம் வித்தியாசம் உடனே தெரிந்தது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், தங்கிலீஷில் போனால் ஒவ்வொரு தடவையும் போன் போட்டு "என்னப்பா எழுதியிருக்க" என்று கேட்பார். தமிழில் போக ஆரம்பித்ததிலிருந்து போனே வரவில்லை, சொன்னபடி வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறார். கண்ணில் புரை ஆபரேஷன் ஆன ஒருவர், போனையே சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர். தமிழ் எழுத்தை அது ஒழுங்காகப் படிக்கிறது, தங்கிலீஷை இங்கிலீஷ் குரலில் கடித்துத் துப்புகிறது, ஒரு சொல் விளங்காது என்றார்.

ஆனால் தமிழ் எழுத்தில் இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று எஸ்எம்எஸ் நீளம். வாட்ஸ்அப் இல்லாதவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்து என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 கொள்ளும், தமிழ் என்றால் 70 தான். அந்த 70-லும் நாம் ஓர் எழுத்து என்று நினைக்கிற 'ணி' அங்கே இரண்டாக எண்ணப்படும், ண தனி, கொக்கி தனி. புள்ளியும் ஒரு கணக்கு. அதனால் எண்ணி எண்ணிக் கடைசியில் இப்படி நிறுத்தினேன்:

```
இரவு 9 மணிக்கு மேல் எதுவும் சாப்பிட வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம்.
```

இது 66 வருகிறது. இதற்கு மேல் 'காலை 7 மணிக்கு வரவும்' என்று சேர்த்தால் இரண்டு எஸ்எம்எஸ்ஸாக உடையும், செலவும் இரண்டு. வருகிற நேரத்தை அதனால் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சில பழைய பட்டன் போனில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், பதிவு செய்யும்போதே ஒரு மெசேஜ் அனுப்பி "தெரியுதா பாருங்க" என்று காட்டச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது சிக்கல் சின்ன வயதுக்காரர்கள். காலேஜ் பையன் ஒருவன், வீட்டில் தமிழ்தான், "அண்ணா, தமிழ்ல படிக்க டைம் ஆகுது, இங்கிலீஷ்ல அனுப்புங்க" என்று வெளிப்படையாகவே சொன்னான். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அவன் சரியாக வெறும் வயிற்றோடு வர வேண்டுமே. அவனுக்கு இது போதும்:

```
Fasting 10 hrs. Only water.
```

இதையே தங்கிலீஷில் அனுப்பினால் அவனும் தடுமாறுகிறான் என்பது நான் எதிர்பார்க்காதது. அவன் தன் நண்பர்களோடு எழுதுகிற தங்கிலீஷ் வேறு, என்னுடையது வேறு. நான் sapdama என்பேன், அவன் saptama என்பான். எனக்கு அது 'சாப்பிட்டோமா' மாதிரி கேட்கிறது.

ஆனால் தங்கிலீஷே வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் உருது பேசுகிற சில வீடுகளில் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், தமிழ் எழுத்து படிக்க மாட்டார்கள், முழு இங்கிலீஷும் பிடிபடாது. அவர்களுக்கு அதுதான். அங்கேயும் kudikalam போடுவதில்லை, thanni OK என்று போடுகிறேன். tea, coffee NO என்று பெரிய எழுத்தில்.

இதில் இன்னொன்று, எழுத்து வேறு, சொல் வேறு. தமிழ் எழுத்தில் எழுதுகிறோம் என்று 'குருதிச் சர்க்கரை' என்றெல்லாம் போடத் தேவையில்லை, எழுபது வயதுப் பாட்டியே 'சுகர் டெஸ்ட்' என்றுதான் கேட்கிறார். அதே மாதிரி, எழுத்தை மாற்றினால் எல்லாம் தெளிந்துவிடும் என்றும் இல்லை. 'சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து' என்று சுத்தமான தமிழில் அனுப்பியும் ஒரு நெசவுக்காரர் மதியம் 2 மணிக்கு வந்து நின்றார். இப்போது கடிகார நேரமாகவே எழுதுகிறேன், 'டிபன் 7:30, ரத்தம் 9:30' என்று. சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

இப்போது பதிவு நோட்டில் வயதுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். "மெசேஜ் வந்தா யார் படிப்பாங்க?" என்று கேட்டு அதில் த, இ, தங், போன் என்று நாலில் ஒன்றை எழுதுவோம். பாட்டிக்கு டெஸ்ட், படிப்பது பேரன் என்றால் தமிழ் வரிக்குக் கீழே அந்த இங்கிலீஷ் வரியும் சேர்ந்து போகும், அவனுக்கு எது கண்ணில் படுகிறதோ அதை வைத்துச் சொல்லட்டும். படிக்க யாருமே இல்லை என்கிறவர்களுக்கு மெசேஜே கிடையாது. ராத்திரி எட்டரைக்கு நானே கூப்பிட்டு, "அம்மா, 9 மணிக்குள்ள சாப்பிட்டுடுங்க, தண்ணி மட்டும் நல்லா குடிங்க" என்று சொல்லிவிட்டு, "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்கிறேன்.