கடைத் தயிரில் உறை ஊற்றினால் எத்தனை முறை தாங்கும்? பாக்கெட், கப், பக்கத்து வீட்டு உறைமோர் – ஓர் ஒப்பீடு

ஒரு பாக்கெட் தயிர் வாங்கி, அதில் ஒரு ஸ்பூன் எடுத்துப் பாலில் உறை ஊற்றி, மறுநாள் அந்தத் தயிரிலிருந்தே அடுத்த உறைக்கு எடுத்து வைப்பது இப்போது பல வீடுகளில் வழக்கம். இப்படி எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேட்டால் மூன்று முறைதான் என்பார் ஒருவர், பத்து முறை என்பார் இன்னொருவர், எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஓடுகிறது என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் மூவரும் ஆரம்பித்த தயிர் வேறு வேறு. ஆகவே எண்ணிக்கைக்குப் போகும் முன் உறைக்கு எது கிடைக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் பாக்கெட் தயிர். தொழிற்சாலையில் பாலைக் காய்ச்சி ஆற்றி, தேர்ந்தெடுத்து வளர்த்த சில பாக்டீரியா வகைகளை மட்டும் அளந்து சேர்க்கிறார்கள். அவற்றில் பொதுவாக இரண்டு அணிகள் உண்டு. ஒன்று, 40 முதல் 45 டிகிரி சூட்டில் வேகமாக வேலை செய்யும் ஜோடி: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கஸ். இன்னொன்று, 25 முதல் 30 டிகிரிக்குள் நிதானமாக வேலை செய்யும் லாக்டோகாக்கஸ் கூட்டம். எந்த அணியைச் சேர்த்தார்கள் என்பது பெரும்பாலும் பாக்கெட்டில் இருக்காது. அங்கே வேலை செய்பவர்களுக்கு இது தொந்தரவே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் புதிய உறையையே போடுகிறார்கள். நேற்றைய தயிரிலிருந்து இன்றைக்கு எடுப்பது அவர்கள் திட்டத்திலேயே கிடையாது. அந்தக் கலவை தலைமுறை தலைமுறையாகத் தாங்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டுச் செய்யவில்லை.

இரண்டாவது, கப்பில் வரும் புரோபயாடிக் தயிர். இதில் வழக்கமான உறை பாக்டீரியாவோடு, குடலுக்கு நல்லது என்று அசிடோஃபிலஸ், பிஃபிடோ போன்ற சிலவற்றையும் சேர்த்திருப்பார்கள். இவை பாலில் மெதுவாக வளர்பவை. பக்கத்தில் வேகமாக வளரும் ஜோடி இருக்கும்போது போட்டியில் பின்தங்கிவிடும். இந்தக் கப்பை உறையாக ஊற்றினால் தயிர் கிடைக்கும், ஆனால் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அந்தச் சேர்க்கை ஒன்றிரண்டு சுற்றிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். உறைக்காக இதை வாங்குவது வீண். பழச்சுவை, சர்க்கரை சேர்ந்த கப் எதற்குமே ஆகாது. லேபிளில் 'உறைந்த பின் வெப்பப்படுத்தியது' என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அதையும் கடையிலேயே விட்டுவிடுங்கள், அதில் உயிரோடு பாக்டீரியா மிச்சமிருக்காது.

மூன்றாவது, பக்கத்து வீட்டு உறைமோர். ஒரு அம்மாள் பல வருஷமாக விடாமல் உறை ஊற்றி வரும் தயிரில் ஒன்றிரண்டு வகை இல்லை, பல வகை பாக்டீரியாக்கள் கலந்து கிடக்கின்றன. அந்த வீட்டுப் பால், அந்த அடுக்களைச் சூடு, மார்கழிக் குளிர், சித்திரை வெயில் எல்லாவற்றையும் தாண்டி நின்றவை மட்டுமே அதில் மிச்சம். ஒரு வகை தளர்ந்தால் இன்னொன்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 'எத்தனை முறை' என்ற கேள்வியே இங்கே எழாது. குறை என்றால், ஒவ்வொரு வீட்டுத் தயிரும் ஒரு சுவை. சிலருக்கு அது கொஞ்சம் புளிப்பாகத் தெரியும்.

சரி, பாக்கெட் தயிர் ஏன் தளர்கிறது? பாக்டீரியாவுக்கு வயசாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு ஸ்பூன் உறை அரை லிட்டர் பாலில் நூறு மடங்காகப் பெருகுகிறது. நூறு மடங்கு என்றால் ஏறக்குறைய ஏழு முறை இரட்டிப்பாவது. பெருகும் ஆற்றலில் குறைவில்லை, கெடுவது அவற்றுக்குள் இருக்கும் விகிதம்.

அந்தச் சூட்டு ஜோடியையே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலில் கிளம்பி வேகமாகப் புளிக்க வைக்கிறது. லாக்டோபாசில்லஸ் பால் புரதத்தை உடைத்துச் சின்னத் துண்டுகளாக்கித் தோழனுக்கு உணவு கொடுக்கிறது. தோழன் வெளியிடும் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் லாக்டோபாசில்லஸுக்கு உதவுகின்றன. தயிர் உறைந்து நின்றதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்த விகிதம் ஓரளவு அப்படியே நிற்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இரவு ஒன்பதுக்கு ஊற்றி, காலை ஏழு மணிக்குப் பார்க்கிறோம். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே உறைந்திருக்கும், அதற்கப்புறமும் சில மணி நேரம் சூட்டிலேயே கிடக்கும். புளிப்பு ஏற ஏற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோர்ந்து மடியும். புளிப்பைத் தாங்கும் லாக்டோபாசில்லஸ் தொடர்ந்து வளரும். மறுநாள் உறைக்கு எடுக்கும் ஸ்பூனில் தாமதமாகக் கிளம்புபவன் அதிகம், முதலில் ஓடுபவன் குறைவு. இது ஒவ்வொரு நாளும் நடந்தால், தயிர் உறைய நேரமாகும், உறைந்ததும் சட்டென்று புளித்துவிடும்.

சென்னையில் ஒரு சாதாரண வீட்டில் இது எப்படித் தெரியும் என்று பார்ப்போம். நீல பாக்கெட் பால் அரை லிட்டர், கொழுப்பு 3 சதவீதம். நன்றாகப் பொங்கக் காய்ச்சி, விரலை வைத்தால் பொறுக்கும் அளவு ஆறவிடுகிறோம், அதாவது 42 டிகிரியை ஒட்டி. பாக்கெட் தயிர் ஒரு டீஸ்பூனைக் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றி, ஹாட் பாக்ஸில் மூடி வைக்கிறோம். முதல் சுற்று ஐந்தாறு மணி நேரத்தில் உறையும். கரண்டி போட்டால் துண்டாக வரும், ஆனால் பாக்கெட்டில் இருந்த அளவு கெட்டி இருக்காது. உடனே உறை சரியில்லை என்று முடிவுகட்டக்கூடாது. தொழிற்சாலையில் பால் பவுடர் சேர்த்துச் சத்தைக் கூட்டியிருக்கலாம், கொழுப்பை உடைத்துச் சீராக்கியிருப்பார்கள். அது பாலின் வித்தியாசம், உறையின் தளர்ச்சி இல்லை. இரண்டாவது, மூன்றாவது சுற்றும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். நான்கு ஐந்தில் கொஞ்சம் புளிப்பு தூக்கும். ஆறு ஏழில்தான் சங்கதி தெரிகிறது: ஆறு மணி நேரம் எட்டாகிறது, ஓரங்களில் தண்ணீர் விடுகிறது, சில நேரம் கரண்டியைத் தூக்கினால் எச்சில் போல நூல் இழுக்கிறது.

இந்த நூல் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாக்கெட் தயிர் வழவழப்பாக இருக்க, பிசின் போன்ற ஒரு சர்க்கரைப் பொருளைச் சுரக்கும் வகைகளைச் சில நிறுவனங்கள் சேர்க்கின்றன. அவற்றுக்குப் பிடித்த சூட்டுக்குக் கீழே, ஆறிப்போன பாலில் வளர்த்தால் இந்தச் சுரப்பு கூடலாம். மழைக்காலத்தில் பாக்கெட் உறை நூல் பிடிக்கிறது என்று புலம்புவதற்கு இது ஒரு காரணம். தயிர் அதனால் மட்டும் கெட்டதாகாது, ஆனால் வாயில் வைக்க முடியாது. அடுத்த முறை பாலை இன்னும் சூடாக வைத்து ஊற்றிப் பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். அதோடு ஈஸ்ட் வாசனை, கசப்பு, இளஞ்சிவப்பு அல்லது பச்சைப் புள்ளி எது இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

மெல்லத் தளர்வது ஒரு வகை. நேற்று வரை நன்றாக உறைந்தது இன்று பாலாகவே நின்றால் அது வேறு கதை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, ஃபேஜ் என்று பெயர். ஒன்றிரண்டு வகையே உள்ள பாக்கெட் உறையில் இது நுழைந்தால் மொத்தமும் காலி. பல வகை கலந்த வீட்டு உறையில் சில வகை போனாலும் மிச்சம் தயிராக்கிவிடும். பாக்கெட் உறைக்கும் பக்கத்து வீட்டு உறைக்கும் உள்ள பெரிய இடைவெளி இதுதான் என்பேன். ஆனால் பழியை ஃபேஜ் மேல் போடும் முன் பால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

உறை தளர்ந்ததா, பாலில் கோளாறா என்ற சந்தேகத்தை ஒரே நாளில் தீர்க்கலாம். ஒரே பாலைக் காய்ச்சி, ஒரே சூட்டில் இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் பழைய உறை, இன்னொன்றில் புது பாக்கெட் தயிர், இரண்டிலும் அதே அளவு. பழையது மட்டும் பின்தங்கினால் உறையை மாற்ற வேண்டியதுதான். இரண்டும் உறையாவிட்டால் சூட்டையோ பாலையோ சந்தேகப்படுங்கள். மாட்டுக்குக் கொடுத்த மருந்து பாலில் தங்கினாலும் உறையாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பென்சிலின் துளி இருந்தாலும் ஆகாது.

ஆக, எண்ணிக்கை: ராத்திரி முழுக்க வெளியே விட்டு, புளித்த அடித்தயிரில் உறை எடுத்தால் நான்கைந்து சுற்று. உறைந்த உடனே, சாப்பாட்டுக்குக் கரண்டி போடும் முன்பே, உறைக்கென்று ஒரு சிறு கிண்ணத்தில் தனியாக எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, நாலைந்து நாளுக்குள் பயன்படுத்தினால் பத்து சுற்று தாராளம். அந்தக் கிண்ணத்தைக் கொதிநீரில் அலசியிருக்க வேண்டும். பத்துக்கு மேலும் சிலருக்கு ஓடும். அதற்குள் வெளிக் காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் சேர்ந்த வகைகள் குடியேறியிருக்கலாம், அப்போது அது பாக்கெட் உறை என்று சொல்வதற்கே இல்லை.

இரண்டில் எதை எடுப்பது? நம்பகமான பக்கத்து வீடு இருந்தால் கிண்ணத்தோடு போய்விடுவேன், பாக்கெட் பக்கமே போகமாட்டேன். மிளகாய்க் காம்பில் உறை வைப்பதையும் சிலர் சொல்கிறார்கள். உறைவது உண்டு, ஆனால் முதல் சுற்று பலவீனமாகவும் நிச்சயமில்லாமலும் வரும், இரண்டு மூன்று முறை மாற்றி எடுத்தபின்தான் நம்பலாம். புது ஊருக்குக் குடிபோய் அக்கம்பக்கம் தெரியாதவர்களுக்கு, விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு, பாக்கெட்தான் வழி. அவர்களுக்கு ஒரு உபாயம்: முதல் சுற்றுத் தயிரை, நன்றாக உறைந்த நேரத்தில், சுத்தமான ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு கட்டிகளைக் கவரில் போட்டு வையுங்கள். ஓட்டத்தில் இருக்கும் உறை நூல் பிடித்தாலோ புளித்தாலோ, ஒரு கட்டியைக் கரையவிட்டு வெதுவெதுப்பான பாலில் ஊற்றினால் மறுபடியும் முதல் சுற்றுக்கு அடுத்த இடத்தில் நிற்பீர்கள். குளிரில் ஒரு பங்கு பாக்டீரியா மடிந்திருக்கும், அதனால் அன்றைக்கு மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடப் பிடிக்கும். ஒன்றுக்குப் பதில் இரண்டு கட்டி போட்டால் அந்தத் தாமதமும் குறையும். ஒரு மாதத்துக்குள் கட்டிகளைத் தீர்த்துவிட்டு, அப்புறம் புதுப் பாக்கெட்டில் மறுபடி ஆரம்பிக்கலாம்.